ஓரிடத்தில் மாற்றினால் நூல் முழுவதும் மாறும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தென் திருவிதாங்கூரின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவற்றை ஒட்டியிருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. அந்தத் தாலுகாவின் தென்கோடியில் உள்ள பாறசாலை, காரோடு, இஞ்சிவிளை போன்ற எல்லைக் கிராமங்களில் இன்றும் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் உண்டு.

இக்கிராமங்களின் பெரியவர்கள் சொன்ன பழைய செய்திகளை நாங்கள் சிலர் சேர்ந்து 48 பக்கச் சிறு நூலாகத் தொகுத்தோம். ஒன்பது அத்தியாயங்கள், சுமார் நாற்பது சிறு தலைப்புகள், முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட பத்திகள். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் அரைப்பக்க மலையாளச் சுருக்கம் சேர்த்தோம். அச்சுச் செலவை மட்டுப்படுத்த ஏ5 அளவுத் தாளில், 11 புள்ளி எழுத்தில் அச்சிட்டோம்.

நூல் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் காரோட்டில் உள்ள ஒரு மூதாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரில்லா இருக்கு மக்கா" என்றார். அவர் சொன்ன செய்திகளே அந்த நூலில் ஓர் அத்தியாயம் முழுக்க இருக்கின்றன. செய்தியைக் கொடுத்தவர்களே அதைப் படிக்க முடியாமல் போவது முறையல்ல என்று, பெரியவர்களுக்காக 18 புள்ளியில் ஒரு பெரிய எழுத்துப் பதிப்பு தயாரிப்பதென முடிவாயிற்று. நூல் முழுவதையும் மறுபடி வடிவமைக்காமல் அதை எப்படிச் செய்தோம் என்பதே இக்கட்டுரை. குடும்ப வரலாறு, ஊர்த் திருவிழா மலர், சங்க மலர் என்று எதையாவது கணிப்பொறியில் தொகுக்கும் அன்பர்களுக்கு இது பயன்படலாம்.

தோற்றமும் பெயரும்

நம்மில் பெரும்பாலோர் தட்டச்சுப் பொறியின் பழக்கத்தோடு கணிப்பொறிக்கு வந்தவர்கள். தலைப்பு வரும்போது அதைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைக்கிறோம். அடுத்த தலைப்புக்கும் அப்படியே. பார்வைக்கு அது தலைப்பாக இருக்கிறது. ஆனால் அது தலைப்பு என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. "இந்த வரி பெரிது, தடிமன்" என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நாற்பது தலைப்புகளை மாற்ற வேண்டுமானால் நாற்பது இடத்துக்கும் நாமே போக வேண்டும். அதில் இரண்டு மூன்று நிச்சயம் விட்டுப் போகும்.

இன்னொரு வழி, பத்திக்குத் தோற்றத்தைக் கொடுக்காமல் பெயரைக் கொடுப்பது. "நீ அத்தியாயத் தலைப்பு", "நீ சிறு தலைப்பு", "நீ சாதாரணப் பத்தி" என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். அத்தியாயத் தலைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது வேறோர் இடத்தில், ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். அந்த வரையறைக்குத்தான் பாணி என்று பெயர். வரையறையைத் திருத்தினால் அந்தப் பெயருள்ள பத்திகள் எல்லாம் அந்தக் கணமே மாறும்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு பாலத்தின் வரைபடத்திலும் ஒவ்வோர் அளவையும் திரும்ப எழுதுவதில்லை. "இன்ன எண்ணுள்ள நிலையான வரைபடத்தைப் பார்க்க" என்று குறிப்பிடுவோம். லக்னோவிலிருந்து அந்த வரைபடத்துக்குத் திருத்தம் வந்தால், அந்த எண்ணைக் குறிப்பிட்ட எல்லா வேலைக்கும் அது பொருந்தும். பாணியின் பெயர் அந்த வரைபட எண்ணைப் போன்றது.

இந்த ஏற்பாடு கணிப்பொறி எழுத்து வேலையில் மிகப் பழையது. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பிராவோ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கியவர்களில் ஒருவரான சார்லஸ் சிமோனி பின்னர் மைக்ரோசாஃப்டுக்கு வந்து வேர்டு உருவாகக் காரணமானார். 1983இல் வெளிவந்த முதல் வேர்டிலேயே பாணித் தாள் என்ற வசதி இருந்தது. ஆனால் இன்றும் பலர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

பரம்பரைச் சங்கிலி

நாங்கள் பயன்படுத்தியது லிப்ரே ஆபீஸ் ரைட்டர். விலையில்லாமல் கிடைப்பது, வேர்டில் செய்வோருக்கும் வழிமுறை ஏறத்தாழ இதுவே. F11 விசையை அழுத்தினால் வலப்பக்கத்தில் பாணிகளின் பட்டியல் விரியும். அதில் நமக்கு வேண்டியவை ஐந்துதான்: எல்லாவற்றுக்கும் மூலமான Default Paragraph Style, சாதாரணப் பத்திக்கு Body Text (பழைய பதிப்புகளில் Text Body), தலைப்புகளின் பொதுத் தாயான Heading, அதன் பிள்ளைகளான Heading 1, Heading 2.

இவை தனித்தனிப் பெயர்கள் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. Heading 1 தன் தாயான Heading-இடமிருந்தும், Heading தன் தாயான Default Paragraph Style-இடமிருந்தும் குணங்களைப் பெறுகின்றன. தனக்கென்று ஒரு பாணியில் எதைத் தனியாக எழுதுகிறோமோ அது மட்டும் அதன் சொந்தம், மற்றவையெல்லாம் பிதிரார்ஜிதம். ஆகவே மூலத்தில் எழுத்துருவை மாற்றினால் அது வழிவழியாக இறங்கும்.

இங்கே முதல் சிக்கல் வரும். மூலத்தில் எழுத்துருவை மாற்றிய பின்னும் தலைப்புகள் மட்டும் பழைய எழுத்துருவிலேயே நிற்கும். காரணம், நிறுவும்போதே Heading பாணிக்குத் தனி எழுத்துருவும் 14 புள்ளி என்ற தனி அளவும் எழுதப்பட்டிருக்கின்றன. Heading-இன் மேல் வலச் சொடுக்குச் செய்து, திருத்தும் பெட்டியில் Font பக்கத்துக்குப் போய் Reset to Parent என்ற பொத்தானை அழுத்தினால் அந்தச் சொந்தக் குணங்கள் நீங்கி, தாயின் எழுத்துரு வந்துவிடும். பழைய பதிப்புகளில் இந்தப் பொத்தானுக்கு Standard என்று பெயர்.

அதன் பிறகு அளவு. அளவுப் பெட்டியில் புள்ளி எண்ணுக்குப் பதிலாகச் சதவீதமும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. Heading-க்கு 125% என்று எழுதினோம். Heading 1-க்கு 130%, Heading 2-க்கு 115% என்று ஏற்கெனவே அதில் இருந்தது, அப்படியே விட்டோம். மூலம் 11 புள்ளியாக இருக்கும்போது Heading 13.75 புள்ளி, அத்தியாயத் தலைப்பு அதில் 130 சதவீதம், அதாவது ஏறக்குறைய 18 புள்ளி, சிறு தலைப்பு ஏறக்குறைய 16 புள்ளி. இந்த எண்களை நாம் எங்கும் தட்டச்சு செய்வதில்லை. மூலத்தின் 11 மாறினால் இவை தாமே மாறும்.

அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதும் பாணியின் வேலையே. Heading 1-இன் Text Flow பக்கத்தில் Breaks என்ற பகுதியில் பக்க முறிவைப் பத்திக்கு முன் இடச் சொல்லலாம். அதே பக்கத்தில் Keep with next paragraph என்பதில் குறியிட்டிருந்தால், தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் அநாதையாக நின்று அதன் செய்தி அடுத்த பக்கத்துக்குப் போவது நேராது.

தமிழுக்கு உள்ள தனி அறை

இரண்டாவது சிக்கல் நம் மொழிக்கே உரியது. ஒரு பாணிக்குள் எழுத்துருவுக்கு ஓர் அறை இல்லை. மூன்று அறைகள் இருக்கின்றன. ஆங்கிலம் போன்றவற்றுக்கு Western, சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு Asian, எழுத்துகள் சேர்ந்து உருமாறும் மொழிகளுக்கு Complex. நாம் ஆசியாவில் இருப்பதால் தமிழ் Asian அறையில் இருக்கும் என்று தோன்றும். இல்லை, தமிழ் மூன்றாவது அறையில்தான் இருக்கிறது. எழுத்துரு, அளவு, தடிமன், மொழி எல்லாமே ஒவ்வோர் அறைக்கும் தனி.

இது தெரியாதவர் Western அறையில் 18 என்று எழுதிவிட்டு, தமிழ் எழுத்து அசையவில்லையே, பாணி வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடுவார். அடையாளம் எளிது: பத்தியில் இருக்கும் ஆங்கிலச் சொல் மட்டும் பெரிதாகி, தமிழ் சிறிதாகவே இருந்தால் தவறான அறையில் எழுதியிருக்கிறோம் என்று பொருள். தமிழ் மட்டும் பெரிதாகி ஆங்கிலம் சிறிதாக நின்றால், மூன்றாவது அறையை மட்டும் திருத்தியிருக்கிறோம். இரண்டிலும் எழுத வேண்டும். மூன்றாவது அறையே பெட்டியில் தென்படாவிட்டால், Tools பட்டியலில் Options-க்குப் போய், மொழிகளுக்கான பகுதியில் Complex text layout என்பதைச் செயல்படுத்தி, அதன் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லைக் கிராமத்து நூலுக்கு இதற்கும் மேல் ஒரு முடிச்சு உண்டு. மலையாளமும் அதே மூன்றாவது அறையில்தான் குடியிருக்கிறது. ஓர் அறையில் ஓர் எழுத்துருவைத்தான் குறிக்கிறோம். தமிழ் எழுத்துருவைக் குறித்துவிட்டால், அதில் மலையாள வடிவங்கள் இல்லாததால், கணிப்பொறி நமக்குச் சொல்லாமலே தன்னிடமுள்ள ஏதோ ஒரு மலையாள எழுத்துருவை எடுத்து அந்த இடத்தை நிரப்பிவிடும். திரையில் மலையாளம் சரியாகவே தெரியும். பெட்டியிலும் நாம் குறித்த தமிழ் எழுத்துருவின் பெயரே இருக்கும். ஆனால் கோப்பை வேறு கணிப்பொறியில் திறந்தால் அங்கே வேறோர் எழுத்துரு வரும். எதுவுமே இல்லாத கணிப்பொறியில் வெறும் கட்டங்கள் வரும். எழுத்தின் அகலம் மாறுவதால் பக்கங்களும் நகர்ந்துவிடும்.

இதற்கு நாங்கள் செய்தது இது. Body Text-ஐத் தாயாகக் கொண்டு "மலையாளச் சுருக்கம்" என்று ஒரு புதிய பத்திப் பாணியை உண்டாக்கினோம். அதில் இரண்டை மட்டுமே மாற்றினோம்: மூன்றாவது அறையின் எழுத்துரு, அதன் மொழி. அளவைத் தொடவில்லை. தமிழ்ப் பத்திக்கு நடுவே வரும் மலையாள ஊர்ப் பெயர்களுக்காக "மலையாளச் சொல்" என்று ஓர் எழுத்துப் பாணியையும் உண்டாக்கினோம். பத்திப் பாணி முழுப் பத்திக்கும் உரியது; எழுத்துப் பாணி பத்திக்குள் ஒரு சொல்லுக்கோ தொடருக்கோ உரியது. இதிலும் அளவை எழுதவில்லை. அளவை எழுதாமல் விட்டதுதான் பின்னால் கைகொடுத்தது.

தமிழுக்கு Meera Inimai, மலையாளத்துக்கு Manjari என்று எழுத்துருக்களைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டும் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத் தன்னார்வலர் அமைப்பு வெளியிட்டவை, விலையில்லாதவை. தமிழ் எழுத்துரு ஒன்று கேரளத்திலிருந்து வந்திருப்பது நம் நூலுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை செய்வது நல்லது. கோப்பை பி.டி.எஃப். ஆக மாற்றி, அடோபி ரீடரில் திறந்து, கோப்பின் Properties பெட்டியில் Fonts பக்கத்தைப் பார்க்க வேண்டும். கோப்பில் உண்மையில் பதிந்துள்ள எழுத்துருக்களின் பட்டியல் அங்கே இருக்கும். நாம் குறிக்காத பெயர் ஒன்று அதில் இருந்தால், எங்கோ ஒரு மலையாளச் சொல் பாணி பெறாமல் தமிழ்ப் பத்திக்குள் ஒளிந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பழைய எழுத்துருவில் வந்த கட்டுரைகள்

செய்தி அனுப்பியவர்கள் பல ஊர்களில் இருப்பவர்கள். சிலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த இத்தகைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். "அம்மா" என்று திரையில் தெரியும் சொல் கோப்புக்குள் இப்படி இருக்கும்:

```
mk;kh
```

இந்த எழுத்துகளுக்குப் பாமினி என்ற உடையைப் போட்டால்தான் அம்மா. உடையை மாற்றினால் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். பாணியின் நோக்கமோ உடையை ஓரிடத்திலிருந்து மாற்றுவது. எனவே இத்தகைய கட்டுரைக்குப் பாணி கொடுத்து, தமிழ் எழுத்துருவைக் குறித்த மறுகணம் அத்தனை பக்கமும் குழம்பிப் போகும். யூனிகோடில் "அ" என்றால் எந்த எழுத்துருவிலும் "அ"தான். உரை வேறு, தோற்றம் வேறு என்று பிரிக்கத் தமிழில் அப்போதுதான் வழி பிறந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய மலர்கள், மடல்கள் நம் வீடுகளில் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களிலேயே இருக்கின்றன.

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் மாற்றிச் செயலியின் மூலம் யூனிகோடாக்க வேண்டும், பிறகே பாணி. மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றிச் செயலி அவற்றையும் பாமினி என்றெண்ணித் தமிழ்க் கிறுக்கலாக்கிவிடும். மின்னஞ்சல் முகவரிகள், ஆங்கிலத் தலைப்பெழுத்துகள் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்தித்தான் ஆக வேண்டும்.

ஒட்டிக்கொண்டிருக்கும் கைவேலை

யூனிகோடாக்கிய கட்டுரைகளை ஒரே கோப்பில் சேர்த்து, அத்தியாயத் தலைப்பில் நின்று Ctrl+1, சிறு தலைப்பில் Ctrl+2, சாதாரணப் பத்தியில் Ctrl+0 என்று அழுத்திக்கொண்டே போனால் பெயர் சூட்டும் வேலை முடிந்தது. ஆனாலும் சில பத்திகள் வேறு நிறத்தில், வேறு அளவில் நிற்கும். அனுப்பியவர் கையால் கொடுத்த தோற்றம் அந்தப் பத்தியின் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைவேலைக்கும் பாணிக்கும் போட்டி வந்தால் எப்போதும் கைவேலையே வெல்லும். பாணியை எத்தனை முறை மாற்றினாலும் அந்தப் பத்தி அசையாது.

அதைக் களைய, பத்தியைத் தேர்ந்தெடுத்து Ctrl+M அழுத்தினால் கைவேலை நீங்கிப் பாணி மட்டும் நிற்கும். முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியாக அழுத்தத் தோன்றும். அதற்கு முன் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். கட்டுரையாளர் வேண்டுமென்றே சாய்வெழுத்தில் போட்ட நூற்பெயர், தடிமனாக்கிய ஊர்ப்பெயர் எல்லாம் கைவேலைதான். அவையும் சேர்ந்தே போய்விடும். அத்தகைய சொற்களை முதலில் குறித்து வைத்துக்கொண்டு, Ctrl+M அழுத்திய பின் அவற்றுக்கு Emphasis, Strong Emphasis என்ற எழுத்துப் பாணிகளைக் கொடுக்கலாம். எங்கே கைவேலை இருக்கிறது என்று கண்ணால் காண, 7.6 முதலான பதிப்புகளில் பாணிப் பட்டியலின் கீழ் Spotlight என்ற குறிப்பெட்டி இருக்கிறது. அதைக் குறியிட்டால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பாணிக்கேற்ற வண்ணக் கட்டம் தோன்றும். கைவேலை உள்ள பத்தியின் கட்டத்தில் சாய்கோடுகள் தெரியும்.

இடைவெளிக்காக அழுத்திய வெற்று வரிகளும் கைவேலையே. பத்திகளுக்கிடையே இடைவெளி வேண்டுமானால் அது Body Text-இன் Indents & Spacing பக்கத்தில் இருக்க வேண்டும். வெற்று வரிகளை நீக்க, தேடி மாற்றும் பெட்டியில் Regular expressions என்பதைக் குறியிட்டு, தேட வேண்டிய இடத்தில் கீழ்க்கண்டதை எழுதி, மாற்ற வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

```
^$
```

பெரிய எழுத்துப் பதிப்பு

இனி காரோட்டு மூதாட்டிக்கான பதிப்பு. "ஏ5 பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் 141 சதவீதம் பெரிதாக்கினால் ஏ4 ஆகிவிடுமே, இத்தனை பாடு எதற்கு?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிச் செய்தால் 11 புள்ளி எழுத்து 15.5 புள்ளியாகும். எங்களுக்கு வேண்டியது 18. அதோடு கண் மங்கியவர்களுக்கு அளவு மட்டும் போதாது. வரிகளுக்கிடையே கூடுதல் இடைவெளி வேண்டும், சொற்களுக்கிடையே சீரான இடைவெளியும் வேண்டும். படமெடுத்துப் பெரிதாக்குவதில் இவை கிடைப்பதில்லை.

கோப்பை வேறு பெயரில் ஒரு படி எடுத்துக்கொண்டு, அந்தப் படியில் நான்கு இடங்களில் மாற்றினோம். முதலாவது, மூலப் பாணியில் 11 என்பதை, இரண்டு அறைகளிலும், 18 ஆக்கினோம். அந்தக் கணமே சாதாரணப் பத்திகள், மலையாளச் சுருக்கங்கள், பத்திக்கு நடுவேயுள்ள மலையாளச் சொற்கள் எல்லாம் சேர்ந்து வளர்ந்தன. அவற்றில் அளவைத் தனியாக எழுதாமல் விட்டதன் பலன் இது.

இரண்டாவது, தலைப்புகள். சதவீதக் கணக்கில் அத்தியாயத் தலைப்பு 29 புள்ளியைத் தாண்டிவிட்டது. நீண்ட தமிழ்த் தலைப்புகள் இரண்டு, மூன்று வரிகளாக மடிந்தன. தாயான Heading-இல் 125% என்பதை 110% ஆக்கியதும் அத்தியாயத் தலைப்பு 26 புள்ளிக்கும், சிறு தலைப்பு 23 புள்ளிக்கும் அருகே வந்து அமைந்தன.

மூன்றாவது, Body Text. வரி இடைவெளியை 115 சதவீதத்திலிருந்து 130 சதவீதமாக்கினோம். இதில் எப்போதும் சதவீதமே நல்லது. இத்தனை புள்ளி என்று நிலையாக எழுதிவைத்தால், எழுத்து வளரும்போது இடைவெளி வளராமல், "கி", "மீ" போன்றவற்றின் மேல் கொக்கிகளும் "கு", "மூ" போன்றவற்றின் கீழ்ச் சுழிகளும் வெட்டுப்படும். இரு ஓரமும் சமமாக இருந்த பத்தியை இடப்பக்கம் மட்டும் சமமாக்கினோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களே வரும். அவற்றை இழுத்து ஓரம் சமமாக்கினால் நடுவே பெரும் ஓட்டைகள் விழும்.

நான்காவது, பக்கம். பத்திக்கு உள்ளதுபோலப் பக்கத்துக்கும் பாணி உண்டு. Default Page Style-இல் தாளை ஏ5இலிருந்து ஏ4 ஆகவும், ஓரங்களை 15 மில்லிமீட்டரிலிருந்து 21 மில்லிமீட்டராகவும் மாற்றினோம்.

பக்கக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். எழுத்து அகலத்திலும் உயரத்திலும் வளர்வதால், இடம் 18க்கு 11 என்ற விகிதத்தில் அல்ல, அதன் வர்க்கத்தில் கூடும், ஏறக்குறைய 2.7 மடங்கு. ஏ4 தாள் ஏ5ஐப் போல் இரு மடங்கு பரப்புடையதால் அதைப் பாதியாக்கலாம். வரி இடைவெளி 115இலிருந்து 130 ஆனதற்கு இன்னும் 13 சதவீதம். 48 பக்கம் சுமார் 73 பக்கமாகும் என்று கணக்கு சொன்னது. அத்தியாயங்கள் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் 76இல் முடிந்தது. உள்ளடக்கப் பக்கத்தைக் கையால் தட்டச்சு செய்யாமல் Insert பட்டியலின் மூலம் இட்டிருந்ததால், அதன் மேல் வலச் சொடுக்குச் செய்து புதுப்பிக்கச் சொன்னதும் பக்க எண்கள் எல்லாம் புதியனவாயின. தலைப்புகளுக்குப் பெயர் சூட்டியிருந்ததால்தான் எவை தலைப்புகள் என்று அதற்குத் தெரிந்தது.

கவனிக்க வேண்டியவை இரண்டு

பாணியைத் திருத்தும் பெட்டியில் AutoUpdate என்று ஒரு குறிப்பெட்டி உண்டு. வேர்டில் அதன் பெயர் Automatically update. அதைக் குறியிட்டால், யாரோ ஒருவர் ஒரே ஒரு தலைப்பைக் கையால் சிவப்பாக்கியதும் நூலின் எல்லாத் தலைப்புகளும் சிவப்பாகிவிடும். பலர் சேர்ந்து வேலை செய்யும் கோப்பில் அது குறியில்லாமல் இருக்கட்டும்.

அடுத்து, மூலக் கோப்பை ரைட்டரின் .odt வடிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேர்டு பயன்படுத்தும் நண்பருக்காக .docx ஆகச் சேமித்தால் பாணிகளின் பெயர்கள் போய்ச் சேரும். ஆனால் 110%, 130% என்ற உறவுகள் போகா. வேர்டில் பாணியின் எழுத்து அளவைச் சதவீதமாக எழுத வழியில்லை. அவை நிலையான புள்ளிகளாக உறைந்துவிடும். அப்படித் திரும்பி வரும் கோப்பில் மூலத்தை மாற்றினால் தலைப்புகள் கூட வளரா. வேர்டிலேயே தொடக்கம் முதல் செய்பவர்கள் Heading 1, Heading 2 ஒவ்வொன்றிலும் அளவை மாற்ற வேண்டியிருக்கும். நாற்பது இடங்களுக்குப் பதில் இரண்டு இடங்கள், அதுவும் ஆதாயமே. வேர்டில் பாணிக்குரிய எழுத்துருப் பெட்டியில் தமிழுக்கு Complex scripts என்ற பகுதியைப் பார்க்க வேண்டும்.

நூல் முடிந்ததும் உரையை எல்லாம் அழித்துவிட்டு, பாணிகள் மட்டும் எஞ்சிய கோப்பை File பட்டியலில் Templates வழியாக Save as Template என்று சேமித்து வைத்தால், அடுத்த மலரை அதிலிருந்தே தொடங்கலாம். அதன் முதல் பக்கத்தில் எந்தப் பாணி எதற்கு என்று ஐந்தாறு வரிகள் எழுதி வைப்பது நல்லது. மலர்க் குழுவில் ஆட்கள் மாறுவார்கள். "மலையாளச் சுருக்கம்" என்ற பாணியில் எழுத்தளவை எழுதாமல் விட்டது ஏன் என்று அடுத்து வருபவருக்குத் தெரியாவிட்டால், அவர் அங்கே ஓர் எண்ணை எழுதிவிடுவார். அன்று முதல் அந்தப் பத்திகள் மூலத்தோடு சேர்ந்து மாறமாட்டா.